இருபதா, முப்பதா? சலூனில் கைமாறும் பழி

சனிக்கிழமை மதியம் ஒன்றேகால் மணி. நகரத்துச் சலூன் ஒன்றில் எல்லா நாற்காலிகளும் நிறைந்திருக்கின்றன. தலைமுடிக்கு பிரவுன் கலர் போட வந்த பெண்மணியின் முடியை ஜூனியர் உலர்த்தி முடிக்கிறாள். கண்ணாடியில் தெரிவது யாரும் கேட்காத நிறம். உச்சந்தலையில் ஓரங்குல அகலத்துக்கு முடி செம்பாய்ப் பளபளக்கிறது. அதற்குக் கீழே இடுப்பு வரை கறுப்பு. கேட்ட பிரவுன் எங்கேயும் இல்லை. பக்கத்து நாற்காலியிலிருந்து வரும் சீனியர் ஸ்டைலிஸ்ட் ஒரு நொடி பார்த்துவிட்டு ஜூனியர் பக்கம் திரும்புகிறார்: “ட்வென்டின்னு சொன்னா தர்ட்டி போட்டு வச்சிருக்கியே. எத்தனை தடவதான் சொல்றது?”

வாடிக்கையாளர் அதைக் கேட்கிறார். முன்மேசையில் இருப்பவரும், பேசினில் நிற்கும் இன்னும் இரண்டு ஜூனியர்களும் கேட்கிறார்கள். அவள் பதில் சொல்லவில்லை. பேன்ட்ரிக்குப் போய் அழுதுவிட்டுத் திரும்பி வந்து துண்டு மடிக்கிறாள்.

இது ஒரே சலூனின் கதை அல்ல. கலர் வேலை நடக்கும் பல சலூன்களில் பார்க்கக் கிடைப்பவற்றை ஒன்றாகக் கோத்த உதாரணம். ஆனால் இதிலுள்ள ஒவ்வொரு படியும் அந்தத் தொழிலில் அன்றாடம் நடப்பதுதான். சீனியருக்கும் ஜூனியருக்கும் இடையே எழும் சண்டைகள் வெளியே பார்ப்பவர்களுக்குக் குணத்தின் சண்டையாகத் தெரியும். ‘அவருக்குக் கோபம் ஜாஸ்தி’, ‘இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை’ என்று முடித்துவிடுவார்கள். அவற்றில் பெரும்பகுதி உண்மையில் வேலை கைமாறும் இடத்தில் பிறக்கிறது. ஒரே தலையில் இரண்டு பேர் வேலை செய்கிறார்கள். முழு விவரம் இருவரிடமும் இல்லை. தவறு தெரியவரும்போது கடைசியாகக் கை வைத்தவர் மாட்டிக்கொள்கிறார். கடைசியாகக் கை வைப்பவர் பெரும்பாலும் ஜூனியர், ஏனென்றால் முடியை அலசுவது அவர் வேலை.

முதலில் அந்தக் கிண்ணத்தில் என்ன இருந்தது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். நிரந்தரக் கலர் என்பது ட்யூபிலிருந்து வரும் க்ரீமும் டெவலப்பர் என்ற திரவமும் சேர்ந்த கலவை. டெவலப்பரில் வேலை செய்வது ஹைட்ரஜன் பெராக்சைடு. அதன் வலிமையைச் சலூனில் ‘வால்யூம்’ கணக்கில் சொல்வார்கள். 10 வால்யூம் என்றால் 3 சதவீதப் பெராக்சைடு, 20 என்றால் 6, 30 என்றால் 9, 40 என்றால் 12. எண் ஏற ஏற முடியின் இயல்பான கருமையை அது அதிகமாக வெளுக்கும். கறுத்த முடி வெளுக்கும்போது உள்ளேயிருந்து முதலில் சிவப்பும், பிறகு ஆரஞ்சும், அதற்குப் பிறகு மஞ்சளும் எட்டிப் பார்க்கும். ஆகவே செம்பு நிற வேரைப் பார்த்ததும் ‘டெவலப்பர் கூடிவிட்டது’ என்று சீனியருக்குத் தோன்றியதில் நியாயம் இருக்கிறது. அனுபவம் சொன்ன முதல் ஊகம் அது. ஆனால் சரிபார்ப்பதற்குள் அது தீர்ப்பாகிவிட்டது.

அந்த நேரத்தில் மேலாளர் செய்யவேண்டியது விசாரணை அல்ல. நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் தலையைச் சரிசெய்வதுதான் முதல் வேலை. நம் உதாரணத்து மேலாளர் அதைச் சரியாகச் செய்தார். வாடிக்கையாளரிடம் போய், “மேடம், வேர்ப்பகுதி நாங்க நினைச்சதைவிட வெளிச்சமா வந்திருக்கு. இன்னைக்கே சரி பண்ணித் தர்றோம். அதுக்குப் பில் கிடையாது” என்றார். யார் செய்தது என்ற பேச்சே அதில் இல்லை. ‘இந்தப் பொண்ணு புதுசு, தப்பு பண்ணிட்டா’ என்று சொல்லித் தப்பிக்கும் வழக்கம் பல சலூன்களில் உண்டு. அது வாடிக்கையாளரைச் சமாதானப்படுத்தாது. பழகாதவரின் கையில் என் தலையை ஏன் கொடுத்தீர்கள் என்ற அடுத்த கேள்வியைத்தான் வரவழைக்கும்.

சரிசெய்தது சீனியர்தான். வேரில் மட்டும் சிவப்பை அடக்கும் சாம்பல் சாயலுள்ள அடர்ந்த ஷேடை 10 வால்யூமில் கலந்து பூசி, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை துடைத்துப் பார்த்து, நீளத்தின் நிறத்தோடு ஒத்து வந்ததும் அலசிவிட்டார். கேட்ட பிரவுன் அன்று கிடைக்காது. பழைய கறுப்பை எடுக்காமல் அது முடியாது, அதற்கு வேறொரு நாள் வேண்டும் என்று வாடிக்கையாளரிடம் விளக்கியதும் அவரே. அந்தக் கைத்திறன் அவரிடம் இருக்கிறது. அதனால்தான் இந்தச் சிக்கலைத் தீர்ப்பது கடினமாகிறது. சலூனுக்கு அவர் வேண்டும், அவருக்கும் அது தெரியும்.

மறுநாள் காலை, கடை திறப்பதற்கு முன், மேலாளர் இருவரையும் தனித்தனியே சந்தித்தார். ஜூனியரை முதலில். இந்த வரிசை முக்கியம். சீனியரின் விவரிப்பை முதலில் கேட்டுவிட்டால், அதன் பிறகு ஜூனியர் சொல்வதெல்லாம் மேலாளர் காதில் சாக்காகவே விழும். அனுபவசாலியின் கதையில் ஓட்டை இருக்காது. புதியவரின் பேச்சு திக்கித் திணறித்தான் வரும். கேட்ட கேள்வியிலும் கவனம் இருந்தது. “ஏன் அப்படிப் பண்ணே?” என்று கேட்கவில்லை. “மேடம் உள்ள வந்ததிலேர்ந்து வரிசையா சொல்லும்மா. முதல்ல என்ன பண்ணே, அப்புறம் என்ன?” என்றுதான் கேட்டார். ‘ஏன்’ என்று கேட்டால் எதிரில் இருப்பவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்ப்பார். ‘அப்புறம் என்ன’ என்று கேட்டால் நினைவைத் தேடுவார்.

கிடைத்த வரிசை இது. 11 மணிக்கு வாடிக்கையாளர் வந்தார். சீனியர் இரண்டு நிமிடம் பேசி, ஷேட் புத்தகத்தில் பிரவுனைக் காட்டி முடிவு செய்தார். நாற்காலி ஒன்று தள்ளி அவருக்கு ஒரு கல்யாணப் பெண்ணின் ட்ரையல் காத்திருந்தது. தலையில் எண்ணெய் இருந்ததால் ஜூனியர் முதலில் ஷாம்பு போட்டாள். பேசினில் சாய்ந்திருந்தபோது அந்தப் பெண்மணி, “ரெண்டு மாசத்துக்கு முன்னாடி நரை தெரியுதுன்னு வீட்டுலயே பாக்கெட் டை வாங்கித் தலை முழுக்கப் போட்டேம்மா” என்றார். துடைத்தபோது வெள்ளைத் துண்டில் கறுப்புச் சாயம் படிந்தது. ஜூனியர் போய்ச் சொன்னாள்: “அண்ணா, அவங்க முடியில ஏற்கெனவே கலர் இருக்கு போல.” ட்ரையலில் மும்முரமாக இருந்த சீனியர் திரும்பாமலே, “அதான் ஷேட் சொல்லிட்டேன்ல, கலந்து போடு” என்றார்.

11.45-க்குப் பூச ஆரம்பித்தாள். நரை வேரில்தான் இருந்தது என்பதால் வேரில் முதலில், பிறகு நீளத்தில். முடிக்க 12.10 ஆனது. “முப்பத்தஞ்சு நிமிஷம் வை, நான் வந்து பாக்கறேன்” என்று சீனியர் சொல்லியிருந்தார். 12.45-க்கு அவர் வரவில்லை. ட்ரையலுக்கு வந்த பெண்ணின் அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தார். குறுக்கிடப் பயந்து ஜூனியர் காத்திருந்தாள். கடைசியில் 12.56-க்கு, தானே முடிவெடுத்து அலசினாள்.

இங்கே மேலாளர் மூன்று விஷயங்களைச் சரிபார்த்தார். ஸ்டாக் அலமாரியில் 30 வால்யூம் பாட்டில் சீல் உடைக்காமல் இருந்தது. கலர் டேபிளில் திறந்திருந்த ஒரே பாட்டில் 20 வால்யூம். இரண்டாவது, அந்தச் செம்புப் பட்டையின் அகலம். வாடிக்கையாளருக்காகச் சனிக்கிழமை எடுத்த படத்தில் அது சுமார் ஓரங்குலம், அதாவது இரண்டரை சென்டிமீட்டர். தலைமுடி மாதத்துக்கு ஒன்று முதல் ஒன்றேகால் சென்டிமீட்டர் வளரும். பாக்கெட் டை போட்டு இரண்டு மாதம் ஆகியிருந்தால் புதிதாக வளர்ந்த வேர் அவ்வளவுதான் இருக்கும். செம்பான இடம் சாயம் படாத புதுமுடி, கறுப்பாகவே நின்ற இடம் சாயம் ஏறிய பழைய முடி. மூன்றாவதாக, துணி துவைக்கும் கூடையில் அந்தத் துண்டு கிடந்தது, கறையோடு.

நடந்தது இதுதான். ஏற்கெனவே சாயம் ஏறிய முடியை இன்னொரு ட்யூப் கலரால் வெளுக்க முடியாது. இது கலர் படிப்பவர்கள் முதல் மாதத்திலேயே கற்கும் விதி. புதுக்கலர் பழைய சாயத்தின் மேல் உட்காரும், அவ்வளவுதான். ஆனால் சாயம் படாத வேரை அதே கலவை எளிதாக வெளுக்கும், உச்சந்தலையின் சூடு அதை வேகப்படுத்தவும் செய்யும். இந்த விளைவைத் தொழிலில் ‘ஹாட் ரூட்ஸ்’ என்பார்கள். 20 வால்யூமிலேயே இது நடக்கும். 30 போட்டிருந்தாலும் நீளம் கறுப்பாகத்தான் நின்றிருக்கும். ஆகவே சீனியரின் குற்றச்சாட்டு தவறு.

அதற்காக ஜூனியர் எதுவுமே தவறவில்லை என்று சொல்லிவிட முடியாது. இந்த இடத்தில்தான் பல மேலாளர்கள் சறுக்குகிறார்கள். யாரோ ஒருவர் நிரபராதி ஆகவேண்டும் என்று நினைக்கிறார்கள். வேரில் கலவை எவ்வளவு நேரம் இருந்தது என்று பாருங்கள். முதலில் பூசிய இடத்தில் 11.45-லிருந்து 12.56 வரை, எழுபத்தோரு நிமிடம். ‘முப்பத்தஞ்சு நிமிஷம்’ என்பது பூச ஆரம்பித்ததிலிருந்தா, முடித்ததிலிருந்தா? சீனியர் சொல்லவில்லை, ஜூனியர் கேட்கவில்லை. நேரம் கடந்த பிறகு பதினொரு நிமிடம் சும்மா நின்றதும் அவள் தவறே. அது வேரின் செம்மையைக் கொஞ்சம் கூட்டியிருக்கலாம். நீளத்தின் கறுப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சீனியர் விட்டது முடியின் வரலாற்றைக் கேட்பதையும், பிடரியில் ஒரு சிறு கொத்தில் கலவையைப் பூசி முடிவைப் பார்க்கும் ஸ்ட்ராண்ட் டெஸ்டையும். அரை மணி நேரத்தில் அந்தக் கொத்து உண்மையைக் காட்டியிருக்கும். மேலாளர் விட்டது இன்னொன்று. முழு நீளக் கலரையும் கல்யாண ட்ரையலையும் ஒரே நேரத்தில் ஒரே ஆளுக்குப் பதிவு செய்தது அவர்தான்.

பிறகு சீனியரோடு பேச்சு. அவர் தரப்பையும் கேட்க வேண்டும், ஒப்புக்குக் கேட்டால் போதாது. அந்த வாடிக்கையாளர் அவர் பெயரைச் சொல்லித்தான் வருகிறார். கூகுள் ரிவ்யூவில் திட்டு விழுந்தால் அவர் பெயரில் விழும். மாத டார்கெட்டை எட்டினால்தான் அவருக்கு இன்சென்டிவ், எட்டவைப்பது கலரும் கல்யாண வேலைகளும். அவர் கற்ற காலத்தில் யாரும் அவருக்கு எதையும் விளக்கவில்லை. பார்த்துப் பார்த்துத்தான் கற்றார், திட்டு வாங்கித்தான் நிமிர்ந்தார். ‘நாங்க எல்லாம் அப்படித்தான் வந்தோம்’ என்று அவர் சொல்லும்போது அதில் வலியும் உண்டு, பெருமையும் உண்டு. அதை மறுத்துப் பேசிப் பயனில்லை. மேலாளர் அவர் முன்னால் வைத்தது காகிதத்தில் எழுதிய அந்த நேர வரிசையை மட்டுமே. “11.25-க்கு அவ உங்ககிட்ட வந்து சொன்னது ஞாபகம் இருக்காண்ணா?” கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அவர் சொன்னார்: “ஏதோ சொன்னா. நான் காதுல வாங்கல.”

‘காதுல வாங்கல’ என்ற அந்த இடம்தான் ஜூனியர்களின் இரண்டு குறைகளும் சேருமிடம். பழி போடுகிறார்கள் என்பது ஒரு குறை, கண்டுகொள்வதில்லை என்பது இன்னொன்று. தனித்தனியாகப் பேசப்படும் இவை இரண்டும் உண்மையில் ஒரே ஓட்டத்தின் முன்பாதியும் பின்பாதியும். 11.25-க்குச் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை, 1.15-க்கு அதே விஷயத்துக்காக அவள் திட்டு வாங்கினாள். அடுத்த முறை துண்டில் சாயம் படிந்தால் அவள் சொல்லமாட்டாள். சொல்லிப் பயனில்லை என்று கற்றுக்கொண்டுவிட்டாள்.

அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் 1990-களில் மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் பிழைகளை ஆராய்ந்தார். நல்ல குழுக்களில் பிழை குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். எண்கள் எதிர்மாறாக வந்தன. ஒற்றுமையாகவும் திறமையாகவும் நடந்த பிரிவுகளில்தான் பிழைகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. காரணத்தைத் தேடியபோது, அங்கே பிழை அதிகமாக நடக்கவில்லை, பிழையைப் பற்றித் தயங்காமல் பேசினார்கள் என்பது புரியவந்தது. மற்ற பிரிவுகளில் பயந்து மறைத்தார்கள். இந்தக் கட்டுரை 1996-ல் வெளியானது. சலூன் மேலாளர் இதிலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடிய நேரடியான செய்தி ஒன்று உண்டு. ‘எங்க ஜூனியர்ஸ் தப்பே பண்றதில்ல’ என்று ஒரு சீனியர் சொன்னால், குப்பைக்கூடையில் கிடக்கும் பாதி கலந்த கிண்ணங்களை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மூவரும் சேர்ந்து உட்காரும் கூட்டம் இருபது நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. நேர வரிசை எழுதிய தாள் நடுவில். ஒவ்வொருவரும் தாங்கள் செய்ததை மட்டும் சொல்ல வேண்டும், மற்றவர் செய்ததைப் பற்றிப் பேசக் கூடாது. இந்த ஒரு விதி கூட்டத்தின் சூட்டைப் பெருமளவு தணித்துவிடும். மேலாளரே முதலில் ஆரம்பித்தார்: “ரெண்டு பெரிய வேலையை ஒரே நேரத்துல போட்டது நான்.” முதலாளி பக்கத்து ஆள் தன் பங்கைச் சொன்னதும் மற்றவர்களுக்குச் சொல்வது எளிதாகிறது. சீனியர் வரலாறு கேட்காததைச் சொன்னார். ஜூனியர், 12.45-க்கு வந்து கூப்பிடாததைச் சொன்னாள்.

மன்னிப்பு? இதில் ஒரு நுணுக்கம் உண்டு. பழி எங்கே போடப்பட்டதோ அங்கேதான் அது எடுக்கப்பட வேண்டும். எல்லார் முன்னாலும் திட்டிவிட்டு, தனியறையில் சமாதானம் சொன்னால், தளத்தில் மற்றவர்களின் நினைவில் ‘தர்ட்டி போட்டவள்’ என்ற பெயர் அப்படியே நிற்கும். அதற்காகச் சீனியரை வரிசையில் நிறுத்தி மன்னிப்புக் கேட்க வைப்பதும் தவறு. அது அடுத்த சண்டைக்கு விதை. நம் உதாரணத்தில் திங்கட்கிழமைக் காலைப் பேச்சில் சீனியர் சொன்னது இரண்டு வாக்கியம்: “சனிக்கிழமை கலர்ல இவ கலந்தது சரியாத்தான் கலந்தா. பாக்கெட் டை போட்ட முடின்னு நான்தான் பாக்கல.” அதோடு அன்றைய வேலைப் பட்டியலுக்குப் போய்விட்டார்கள். அது போதுமானதாக இருந்தது.

ஆனால் பேச்சு மட்டும் இரண்டு வாரத்துக்கு மேல் நிற்காது. அடுத்த முகூர்த்த நாளின் நெரிசல் வந்தால் பழைய பழக்கம் திரும்பிவிடும். நிற்கவேண்டுமானால் வேலையின் வடிவம் மாற வேண்டும்.

முதல் மாற்றம் கலர் கார்டு. உள்ளங்கை அளவு அட்டை போதும். வாடிக்கையாளர் கடைசியாக எப்போது, என்ன போட்டார், மருதாணி உண்டா, பாக்கெட் டை உண்டா என்பதற்கு ஒரு வரி. ஷேட் எண், டெவலப்பர் எண், கலந்த அளவு ஆகியவற்றுக்கு ஒரு வரி. பூச ஆரம்பித்த நேரம், முடித்த நேரம், அலச வேண்டிய நேரம் என்று இன்னொரு வரி. வரலாற்றையும் கலவையையும் எழுதிக் கையெழுத்துப் போடுவது சீனியர், நேரத்தை எழுதுவது ஜூனியர். அலச வேண்டிய நேரம் ‘முப்பத்தஞ்சு நிமிஷம்’ என்று இருக்கக் கூடாது, ‘12.45’ என்று கடிகார நேரமாக இருக்க வேண்டும். மருதாணிக் கேள்வி வெறும் சம்பிரதாயம் அல்ல. கடைகளில் விற்கும் சில கறுப்பு மருதாணிப் பொடிகளில் உலோக உப்புகள் கலந்திருக்கும். அவை பெராக்சைடோடு சேர்ந்தால் முடி சூடாகிப் பொசுங்கும் அளவுக்குப் போகலாம். அந்தத் தகவல் பெரும்பாலும் பேசினில், தலை சாய்ந்து உடல் தளர்ந்திருக்கும்போதுதான் வாடிக்கையாளர் வாயிலிருந்து வரும். கேட்பவர் ஜூனியர்.

இரண்டாவது மாற்றம், சொன்னதைத் திருப்பிச் சொல்வது. “6 பிரவுன், ட்வென்டி, ஒண்ணுக்கு ஒண்ணரை” என்று சீனியர் சொன்னால், ஜூனியர் அதையே திருப்பிச் சொல்லி, அவர் ‘ஆமா’ என்ற பிறகே கலக்கப் போக வேண்டும். சென்னைச் சலூன்களில் மணிப்பூர், மிசோரம், டார்ஜிலிங் பக்கங்களிலிருந்து வந்து வேலை செய்யும் இளைஞர்கள் நிறைய. பாதித் தமிழும் பாதி இந்தியும் உடைந்த ஆங்கிலமும் ஓடும் தளத்தில், ஹேர் ட்ரையர் சத்தத்துக்கு நடுவே ஓர் எண் தவறாகக் கேட்பது அதிசயமில்லை. திருப்பிச் சொல்வதைச் சீனியர்கள் முதலில் அவமரியாதையாக எடுத்துக்கொள்வார்கள், ‘எனக்கே ஒப்பிக்கிறாளா’ என்று. அது தங்களையும் காக்கிறது என்பது முதல் தவறான எண் பிடிபடும் நாளில் புரிந்துவிடும்.

மூன்றாவது மாற்றம்தான் கடினமானது. ஜூனியர் வேலையை நிறுத்தலாம் என்று இரண்டு இடங்களை எழுதி வைப்பது. ஒன்று, சீனியர் எழுதாத எதுவும் முடியில் இருப்பது பேசினில் தெரிந்தால் கிண்ணம் கலக்கக் கூடாது. இரண்டு, கார்டில் உள்ள நேரம் வந்தும் சீனியர் வராவிட்டால், அவர் யாரோடு பேசிக்கொண்டிருந்தாலும் போய்க் கூப்பிடலாம். கூப்பிடுவதற்கு ஒரே வாக்கியத்தை முன்கூட்டியே முடிவு செய்துகொண்டார்கள்: “அண்ணா, கார்டு பாக்கணும்.” வாடிக்கையாளருக்கு அதில் எதுவும் தோன்றாது. சீனியருக்கு அது உத்தரவும் இல்லை, குறையும் இல்லை. கூப்பிடத் தைரியம் வேண்டும் என்று ஜூனியருக்குப் புத்தி சொல்வதைவிட, கூப்பிடுவது அவள் வேலையின் ஒரு பகுதி என்று எழுதி வைப்பது வேலை செய்கிறது.

கண்டுகொள்ளப்படாமை என்பதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. அதை மேலாளர் தனியாகத் தீர்க்க வேண்டியிருந்தது. அந்த ஜூனியர் ஆறு மாதம் அழகுக்கலை வகுப்பு முடித்து வந்தவள். ஒன்றரை வருடமாகப் பேசினிலும் துடைப்பத்தோடும் நிற்கிறாள். கத்தரிக்கோல் எப்போது கைக்கு வரும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. கேட்டால் ‘டைம் வரும்’. பில்லில் சீனியர் பெயர் மட்டும். கலந்தவர், பூசியவர், அலசியவர் யாரும் அதில் இல்லை, எனவே இன்சென்டிவும் இல்லை. டிப்ஸ் கிடைத்தால் உண்டு. ஷாம்பு, ப்ளோ ட்ரை, ரூட் டச்சப், பிறகு கட் என்று படிகளை எழுதி, ஒவ்வொரு படிக்கும் என்ன செய்துகாட்ட வேண்டும் என்பதையும் எழுதி ஒட்டினார்கள். கூட்டம் குறைவான செவ்வாய்க்கிழமை மாலையில் பொம்மைத் தலையிலும், விரும்பி வரும் தெரிந்தவர்கள் தலையிலும் பயிற்சி. அதைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது அந்தச் சீனியரே. பயிற்சி கொடுக்கும் நேரத்துக்கு அவருக்குப் பணம் உண்டு. இதைச் செய்யாவிட்டால் திட்டம் முதல் மாதத்திலேயே படுத்துவிடும். டார்கெட்டுக்காக ஓடுபவரிடம் இலவசமாகக் கற்றுக்கொடுக்கச் சொல்வது நியாயமும் இல்லை. கலர் பில்லில் இரண்டாவது பெயரும் ஏறியது, சிறிய பங்கோடு.

பணம் என்றதும் இன்னொரு வழக்கத்தைச் சொல்லாமல் விட முடியாது. கெட்டுப்போன கலரின் விலையையும், வாடிக்கையாளருக்குத் தள்ளுபடி செய்த தொகையையும் ஜூனியர் சம்பளத்தில் பிடிப்பது. 1936-ம் ஆண்டின் ஊதியப் பட்டுவாடாச் சட்டம் இதற்குக் கடிவாளம் போட்டிருந்தது. ஊழியரிடம் ஒப்படைத்த பொருள், நேரடியாக அவருடைய அலட்சியத்தால் சேதமானால் மட்டுமே பிடிக்கலாம். பிடிக்கும் தொகை இழப்பைத் தாண்டக் கூடாது. அதற்கு முன் அவர் தன் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். அதன் இடத்துக்கு வந்த 2019-ன் ஊதியச் சட்டத் தொகுப்பும் இந்த நிபந்தனைகளைத் தொடர்கிறது. நம் உதாரணத்தில் யாரையும் கேட்காமல் 30 வால்யூம் கதையை நம்பிப் பணம் பிடித்திருந்தால், அவள் செய்யாத தவறுக்கு அவள் சம்பளம் போயிருக்கும்.

எல்லா உரசலும் இப்படிப் பேசித் தீர்க்கக்கூடியதும் அல்ல. பிரஷைத் தூக்கி எறிவது, சாதியையோ ஊரையோ நிறத்தையோ சொல்லித் திட்டுவது, தேவையில்லாமல் தொடுவது இவையெல்லாம் வேலைச் சண்டைக் கணக்கில் வராது. பாலியல் தொல்லை என்றால் 2013-ம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்புகார்க் குழு இருந்தாக வேண்டும். சிறிய சலூனில் வேலை செய்யும் பெண், மாவட்ட அளவிலுள்ள உள்ளூர்க் குழுவிடம் போகலாம். அத்தகைய புகாரை இருபது நிமிடக் கூட்டத்துக்கு இழுத்து வருவது, புகார் சொன்னவருக்குச் செய்யும் இரண்டாவது தீங்கு.

மாற்றம் பிடித்திருக்கிறதா என்பதை எப்படி அறிவது? தளத்தில் சிரிப்புச் சத்தம் கேட்பதை வைத்து முடிவு செய்யக் கூடாது. கார்டுகளைப் புரட்டிப் பார்க்க வேண்டும். நேரங்கள் எல்லாம் அழகாக ஐந்தின் மடங்குகளாகவே இருந்தால், நாள் முடிவில் உட்கார்ந்து நிரப்பியிருக்கிறார்கள். 12.43, 3.08 என்று கோணல் மாணலாக இருந்தால் உண்மையிலேயே கடிகாரத்தைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். ‘பேசினில் நிறுத்தப்பட்டது’ என்ற குறிப்பு மாதத்துக்கு ஒன்றாவது வர வேண்டும். ஒன்றுகூட வராவிட்டால், வாடிக்கையாளர்கள் எல்லாரும் உண்மை சொல்கிறார்கள் என்று நம்புவதைவிட, ஜூனியர்கள் இன்னும் பயப்படுகிறார்கள் என்று எடுத்துக்கொள்வதே சரி. இன்னொரு அடையாளம், ஜூனியர்கள் யாரோடு வேலை செய்ய ஒதுங்குகிறார்கள் என்பது. ஒரு குறிப்பிட்ட சீனியரின் பெயர் பதிவேட்டில் இருக்கும் நாட்களில் மட்டும் லீவு கேட்பது கூடுகிறதா என்று வருகைப் பதிவே காட்டிவிடும்.

ஆறு வாரம் பார்த்துவிட்டு மேலாளர் மறுபடி மூவரும் உட்காரும் நாளைக் குறித்துக்கொண்டார். அதற்குள் அதே சண்டை அதே இருவருக்குள் மீண்டும் வந்தால் ஜோடியை மாற்றலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, சிலர் கைகள் ஒத்துப்போவதில்லை. ஆனால் அந்தச் சீனியரிடமிருந்து இரண்டாவது ஜூனியரும் மூன்றாவது ஜூனியரும் அதே குறையோடு வந்தால், ஜோடி மாற்றி இனிப் பயனில்லை. அப்போது அவருக்கு ஜூனியர் இல்லாமலே வேலை ஒதுக்கிப் பார்க்க வேண்டும். தானே கலந்து, தானே பூசி, தானே அலசும் ஸ்டைலிஸ்டால் ஒரு நாளில் எடுக்க முடிகிற தலைகள் குறையும், அவருடைய இன்சென்டிவும் குறையும். அந்தக் கணக்கை முன்கூட்டியே அவரிடம் காட்டி, எது வேண்டும் என்று அவரையே முடிவெடுக்கச் சொல்லிவிடலாம்.